புதுப்பிப்பு: அடைத்த கடன் ரிப்போர்ட்டில் பாக்கியாக நிற்கிறது

நான் கேட்டது: "கடனை முழுசா அடைச்சாச்சு, கிரெடிட் ரிப்போர்ட்டில் இன்னும் பாக்கி காட்டுது. என்ன செய்யணும்?"

பாதி சரியாகிவிட்டது. "ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் பியூரோவே பாக்கியை அழித்துவிடும்" என்று ஒருவர் சொன்னார். ஆனால் பியூரோக்காரர்கள் கடன் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் பதிவை மாற்றுகிறார்கள். சான்று இல்லாமல் போட்ட என் முதல் புகார் "மாற்றமில்லை" என்று திரும்பியது. அப்புறம் இங்கே ஒரு அக்கா சொன்னபடி, நிலுவையில்லாச் சான்றிதழைப் பியூரோவுக்கும் கடன் கொடுத்தவருக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். அதில் உள்ள கணக்கு எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று முதலில் ஒத்துப்பார்த்தேன். மூன்று வாரத்தில் பாக்கி பூஜ்யம், கணக்கு 'மூடப்பட்டது'.

ஆனால் அடைத்த பிறகு விழுந்த இரண்டு மாதத் தாமதக் குறிகள் அப்படியே இருக்கின்றன. அதற்குத் தனிப் புகார் போட்டிருக்கிறேன்.

தன் ஸ்கோர் குறைவைப் பற்றிக் கேட்ட தம்பி, பதிவுகள் சரியாக இருந்தால் ஸ்கோருக்காகப் புகார் போட்டுப் பயனில்லை. மற்ற பியூரோவின் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். எனக்கு அங்கே பழைய பாக்கி இன்னும் இருக்கிறது.