பரேட்டோவில் முதல் பார் எண்ணெய்க் கறை, ஆனால் லைனில் பிரச்சினை வேற

லைன்_7_கியூசி (ரத்மலானை)
டீ-சேர்ட் லைன். ஒரு நாளைக்கு 200 பீஸ் எண்ட்லைனில் செக் பண்ணி, 20 நாள் தரவு எடுத்தோம். மொத்தம் 4000 பீஸ், பழுது 240. ஒரு பீசுக்குப் பெரிய பழுது ஒன்றை மட்டும்தான் பதிவோம். எண்ணெய்க் கறை 72, ஸ்கிப் ஸ்டிச் 66, பக்கரிங் 42, ஓப்பன் சீம் 30, மற்றவை 30. எண்ணெய்க் கறையைத்தான் ப்ரொஜெக்டாக எடுக்கச் சொல்லி மேலிடம் சொல்லுது. இப்படியான அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

பழைய_ஐஈ
பாரைப் பார்க்க முதல் நாள்வாரியா பழுது எண்ணிக்கையை வரிசையாப் போட்டுப் பாருங்க. 72 கறை 20 நாளும் பரவி வந்ததா, ஒரே நாளில் கொட்டினதா? பரேட்டோவுக்கு நாள் தெரியாது. எல்லாத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடும்.

லைன்_7_கியூசி
பார்த்தேன். 12ஆம் நாள் மட்டும் 43 பீஸ் பழுது. அதில் 34 எண்ணெய்க் கறை. அதுக்கு முந்தின நாள் மாலை மெசின் சர்வீஸ் நடந்திருக்கு.

பழைய_ஐஈ
அதுதான். ஓவர்லொக் எண்ணெய்க் கண்ணாடியில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் மிச்சம் ஊசித் தண்டு வழியா இறங்கும். காலையில் கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் தைக்காமல் நேரா பீஸ் போட்டிருப்பாங்க. ஒரு நாள் வேலை, ஒரு நாள் காரணம். சர்வீஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்த்தால் முடிஞ்சுது, அதுக்கு மூன்று மாத ப்ரொஜெக்ட் தேவையில்லை.

இப்ப அந்த நாளை விட்டுட்டுக் கணக்கு போடுங்க: 3800 பீசில் பழுது 197, அதாவது 5.18%. மேல் எல்லை எக்செலில்:

```
=0.0518+3*SQRT(0.0518*0.9482/200)
```

9.88% வரும், 200 பீசில் 19 வரைக்கும் லைனோட வழக்கமான ஆட்டம். கூட்டலைக் கழித்தலாக்கினால் கீழ் எல்லை 0.48%, ஒரு பீசும் இல்லை. அதனால் ஒரு நாள் பூச்சியம் வந்தால் கைதட்டாதீங்க, அன்று செக்கர் லீவா என்று முதலில் கேளுங்க.

பரேட்டோவும் மாறும். ஸ்கிப் 63, பக்கரிங் 40, கறை 38. கறை மூன்றாம் இடத்துக்குப் போயிடும்.

பையர்_பக்கம்
நாங்கள் சாட்டில் AQL 2.5 என்று சிவப்புக் கோடு போடுவோம். அதற்கு மேல் போன எல்லா நாளும் சுப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்போம்.

பழைய_ஐஈ
AQL கோட்டைத் தனியாக வைத்திருங்க, அது ஷிப்மென்டை ஏற்பதா என்ற கேள்விக்கு. கட்டுப்பாட்டு எல்லையை லைனோட சொந்தத் தரவே சொல்லும். சராசரியே 5% இருக்கிற லைனில் அநேகமா எல்லா நாளும் உங்கட கோட்டுக்கு மேலதான். தினம் திட்டு வாங்கினால் சுப்பர்வைசர் பழுதைக் குறைத்து எழுதப் பழகிடுவார். ஆனால் இலக்கு ஒன்று வேணும் என்று நீங்கள் சொல்வது சரி.

பியகம_பக்கிங்
எங்கட பிஸ்கட் பக்கெட் நிறைக்கும் இதே சூத்திரமா?

பழைய_ஐஈ
இல்லை. நிறை என்பது அளவு, பழுது என்பது எண்ணிக்கை. உங்களுக்குச் சராசரியும் வீச்சும் காட்டுற சாட். தனியாகக் கேளுங்க.

மெக்கானிக்_பாஸ்
ஸ்கிப் 63 என்று விட்டுடாதீங்கோ. எந்த ஒப்பரேஷன், பீசில் எந்த இடம் என்று திரும்பப் பிரிச்சுப் பாருங்கோ. பெரும்பாலும் கக்கத்தடி, நாலு மடிப்பும் சேருற இடம். அங்க ஊசி வளைஞ்சு லூப்பரைத் தவற விடும். ஒப்பரேட்டரில் பிழை இல்லை. ஊசி மாத்தி, லூப்பர் இடைவெளி பாருங்கோ.

லைன்_7_கியூசி
பிரித்தேன்: 63இல் 44 கக்கத்தடி. ஊசியை 11இலிருந்து 14ஆக்கி, இடைவெளியும் சரி செய்தோம். மாற்றின நாளை சாட்டில் குறித்துவிட்டு வரும் நாள்களின் பழுது: 7, 9, 6, 8, 10, 5, 8, 7.

பழைய_ஐஈ
12ஆம் நாளை விட்ட பழைய 19 நாளின் சராசரி 10.4. தொடர்ந்து எட்டு நாள் அதற்குக் கீழ், இது தற்செயல் இல்லை. ஆனால் எல்லையை இப்பவே மாற்றாதீங்க, 20 நாளாவது சேரட்டும்.

மெக்கானிக்_பாஸ்
14 ஊசி என்றால் ஜேர்சி துணியில் ஓட்டை விழுமே. "மற்றவை" பாரைத் திறந்து பார்த்தீங்களோ?

லைன்_7_கியூசி
இப்பதான் பார்த்தேன். எட்டு நாளில் ஊசி ஓட்டை 9. முன்னர் அப்படி ஒரு பெயரே ஷீட்டில் இல்லை, அதனால் பழைய 30இல் எத்தனை ஓட்டை என்று இப்ப சொல்ல முடியாது. 12ஆம் சைஸ் ஊசி போட்டுப் பார்க்கலாமா?