மோட்டார் சைக்கிளில் ரேடார் குரூஸ்: இடைவெளியை எத்தனையில் வைக்கிறீர்கள்?

வடக்குவழி, சிங்கப்பூர்
ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் வளைவுகளில்தான் என் வண்டியின் ரேடார் குரூஸ் தன் சுபாவத்தைக் காட்டியது. வேகத்தை 90-க்கு வைத்திருந்தேன். முன்னால் ஒரு லாரி 70-இல் முக்கிக்கொண்டு ஏறியது. வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் ஒழுங்காகத்தான் வந்தது. இடப்பக்க வளைவில் நான் சாய்ந்ததும் திரையில் இருந்த லாரிக் குறி அணைந்தது. அடுத்த நொடி என்ஜின் மெல்ல இழுக்கத் தொடங்கியது. லாரியோ என் கண்முன்னேயேதான் இருந்தது! பின் பிரேக்கைத் தொட்டேன், குரூஸ் விலகிக்கொண்டது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

நாலுசக்கரம், சென்னை
என் காரில் இந்த வசதி இருக்கிறது. சுங்கச்சாவடி வரிசையில் தானே நிற்கும், முன்வண்டி நகர்ந்ததும் தானே கிளம்பும். உங்கள் வண்டியில் பழுது இருக்கும், பட்டறையில் காட்டுங்கள்.

பழையகை, ஈப்போ
பழுது இல்லை, தம்பி. கார் வளைவில் அதிகம் சாயாது. பைக் சாயும்போது அதன் மூக்கில் இருக்கும் ரேடாரும் சேர்ந்து சாய்கிறது. சாய்வு எவ்வளவு என்று வண்டிக்குத் தெரியும், பாதையையும் அது கணக்குப் போடும். ஆனால் வளைவு இறுகினால் லாரி ரேடாரின் பார்வைக்கு வெளியே போய்விடும். பாதை காலி என்று நினைத்து, வைத்த வேகத்துக்குத் திரும்பப் பார்க்கும். சாய்ந்திருக்கும்போது வேகமெடுப்பதைக் கட்டுப்படுத்தித்தான் இதை அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் மெல்ல இழுத்தது. மலையேறும் முன் குரூஸ் வேகத்தை லாரியின் வேகத்துக்கே இறக்கிவிடுங்கள், இழுப்பதற்கு இடமே இருக்காது. நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் வளைவிலும் அப்படியே.

நின்று கிளம்பும் விஷயம் வேறு. கியரைக் கையால் மாற்றும் பைக்குகளில் பெரும்பாலும் 30 கிலோமீட்டருக்குக் கீழே இது வேலை செய்யாது. தானியங்கி கியர் கொண்ட கேடிஎம் 1390 சூப்பர் அட்வென்ச்சர் எஸ் ஈவோ போன்ற புதிய வண்டிகளில்தான் நின்று கிளம்பும் வசதி வந்திருக்கிறது.

மழைக்கோட்டு, கிள்ளான்
பைக் பிரேக்குக்குக் கார் அளவு பலம் இல்லை. அதனால்தான் ரேடார் பலமாகப் பிடிப்பதில்லை. இடைவெளியை எப்போதும் ஆக அதிகத்தில் வையுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

பழையகை, ஈப்போ
பலமாகப் பிடிக்காது என்பது சரி, காரணம்தான் தவறு. பிரேக்குக்குப் பலம் தாராளமாக இருக்கிறது. காரில் இருப்பவரைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், பைக்கில் அப்படி எதுவும் கிடையாது. கை தளர்ந்திருக்கும் நேரத்தில் வண்டி தானாக முழுப் பிரேக் போட்டால் ஓட்டுபவர் டேங்க் மேல் வந்து விழுவார். எனவே அது ஓரளவுக்குத்தான் பிடிக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் திரையில் எச்சரிக்கும், மீதி உங்கள் கையில். இன்னொன்று: பல வண்டிகளில் இது நின்றுகொண்டிருக்கும் வாகனத்துக்கு அசையாது. சுங்கச்சாவடி வரிசையை அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்கக் கூடாது.

இடைவெளியை வண்டி நொடியில் கணக்கிடுகிறது. பிஎம்டபிள்யூவில் மூன்று நிலை, டுகாட்டியில் நான்கு. நிலையின் எண்ணை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். முன்வண்டியின் பின்பக்கம் ஒரு கம்பத்தைக் கடந்ததும், நீங்கள் அந்தக் கம்பத்தை அடையும் வரை "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். 110-இல் ஒரு நொடிக்குச் சுமார் 30 மீட்டர் ஓடுகிறீர்கள். ஒரு நொடி இடைவெளி என்றால், எச்சரிக்கையைக் கண்டு விரல் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 30 மீட்டரும் கரைந்துவிடும். இரண்டு நொடி வைத்தால் கையில் இன்னொரு 30 மீட்டர் இருக்கும். நான் இரண்டுக்குக் குறைய வைப்பதில்லை. மழை பிடித்தால் குரூஸையே அணைத்துவிடுவேன்.

மழைக்கோட்டு, கிள்ளான்
அண்ணா, சிரம்பான் பக்கம் மாலையில் இரண்டு நொடி விட்டால் ஒவ்வொரு காராக உள்ளே நுழைகிறது. நுழையும்போதெல்லாம் வண்டி பின்வாங்குகிறது. பின்னால் வருபவர் விளக்கடித்துத் தீர்க்கிறார்.

பழையகை, ஈப்போ
அந்த நெரிசலில் அது கையால் ஓட்ட வேண்டிய சாலை. இடைவெளியைக் குறைத்துச் சமாளிப்பதைவிடக் குரூஸை அணைப்பது மேல்.

வடக்குவழி, சிங்கப்பூர்
குழுவாகப் போகும்போது என்ன செய்கிறீர்கள்? நாங்கள் தடத்தில் இடம் வலம் மாற்றி மாற்றி வருவோம். என் ரேடார் சில நேரம் குறுக்கே முன்னால் இருக்கும் நண்பரைப் பிடிக்கிறது, சில நேரம் அவரை விட்டுவிட்டு எனக்கு நேராக, அதற்கும் முன்னால் போகிறவரைப் பிடிக்கிறது. வண்டி ஊசலாடுகிறது.

பழையகை, ஈப்போ
ரேடாருக்குப் பைக் ஒல்லியான இலக்கு, அதுவும் தடத்தின் ஓரத்தில். மாற்றி மாற்றிப் போகும் வரிசையைப் புரிந்துகொள்ளும் வசதியை பாஷ் அறிவித்திருக்கிறது. நான் ஓட்டிப் பார்த்ததில்லை. குழுவில் முன்னால் போகிறவர் மட்டும் குரூஸ் போடட்டும் என்பது என் பழக்கம்.

மழைக்கோட்டு, கிள்ளான்
எங்கள் குழுவில் நேர்மாறு. கடைசியில் வருபவர்தான் போடுவார். முன்னால் போகிறவர் போட்டால் அவர் வண்டி லாரிக்குப் பின்னால் மெல்ல மெல்ல 80-க்கு இறங்குவதைப் பின்னால் உள்ளவர்கள் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள்.