புதுப்பிப்பு: படி நீளத்தைக் கூட்டியதும் வெடித்த விடை, ஆசிரியர் கடிதம்

"y′ = −50y, y(0) = 1. முன்னோக்கு ஆய்லர் முறையில் படி நீளம் h = 0.01 வைத்தால் நன்றாக வருகிறது. 0.05 ஆக்கினால் விடை வெடிக்கிறது. ஏன்?"

நான் கேட்ட இந்தக் கேள்விக்கு என் ஆசிரியர் எழுதியதை அப்படியே தருகிறேன்.

தம்பி, உன் எண்களைப் பார்: 1, −1.5, 2.25, −3.375. குறி மாறி மாறி வருகிறது, கவனித்தாயா? உண்மை விடை சுழியத்துக்குக் கீழே போகவே போகாது. அப்படியென்றால் முதல் அடியிலேயே கோளாறு தெரிந்துவிட்டது. ஒவ்வொரு அடியிலும் முந்தைய மதிப்பை 1 − 50h ஆல் பெருக்குகிறாய். h = 0.01 என்றால் அது 0.5, விடை தேயும். 0.05 என்றால் −1.5, வளரும். எல்லை 0.04, அங்கே 1, −1 என்று ஊசலாடிக்கொண்டே இருக்கும். பின்னோக்கு ஆய்லரில் 1/(1 + 50h) ஆல் பெருக்குவதால் வெடிக்காது. ஆனால் பெரிய h-க்குத் துல்லியம் கிடைக்காது.

ஆசிரியர் கடிதம் இவ்வளவுதான், இனி நான். இது தசமங்களை வெட்டுவதால் வரும் பிழை என்று சொன்ன நண்பருக்கு: இரட்டைத் துல்லியத்திலும் ஓட்டினேன், அதே வெடிப்புதான். பிழை பெருகுகிறது என்றது சரி. பெருக்குவது அந்த −1.5.

h-ஐக் குறைத்தும் வெடித்தது என்றவரின் y′ = y², y(0) = 1 வேறு கதை. அங்கே உண்மை விடையே t = 1-இல் வெடிக்கிறது.

அந்த 50 வழியில் மாறிக்கொண்டே இருந்தால் h-ஐ எப்படித் தேர்வது? அதைக் கேட்டு ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன்.