போஸ்டருக்காக நான் வெட்டிய எட்டாவது லேன்

கடைசி பெஞ்ச்

அப்ஸ்ட்ராக்ட் அனுப்பும் கடைசி நாள் நெருங்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக ஆற்றில் 6 இடங்களில் தண்ணீர் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் 250 மில்லியை 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, ஃபில்டரிலிருந்து டிஎன்ஏ பிரித்து பிசிஆர் போட்டேன். தேடியது இரண்டே ஜீன்: பென்சிலின் வகை மருந்தை உடைக்கும் டெம், சல்ஃபா மருந்துக்கு எதிரான சல்-1. அப்ஸ்ட்ராக்ட்டில் இப்படி எழுதியிருந்தேன்: "டெம் ஜீன் 6 மாதிரிகளிலும் இருந்தது. எனவே ஆற்று நீரில் ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் பாக்டீரியா பரவியுள்ளது."

கைடு ஜெல் படத்தைக் கேட்டார். காட்டினேன். முதல் லேன் லேடர், அடுத்த ஆறும் மாதிரிகள். "என்.டி.சி எங்கே?" என்றார். அது எட்டாவது லேன். போஸ்டரில் இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெட்டியிருந்தேன். உண்மையில் அந்த லேனிலும் டெம் உயரத்திலேயே ஒரு மங்கலான கோடு இருந்தது. மாதிரியே சேர்க்காத குழாயில்! சல்-1 ஜெல்லில் அந்த லேன் சுத்தமாக இருந்தது. மாதிரிகளில் 5இல் சல்-1 பளிச்சென்று வந்திருந்தது.

இதே மாதிரி யாருக்காவது ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

பிப்பெட் பயில்வான்

ஆகியிருக்கிறது. தண்ணீர்தான் காரணம். புது நியூக்ளியேஸ் இல்லாத தண்ணீர் வாங்குங்கள், டிப்பை மாற்றுங்கள். அப்படியும் வந்தால் 40 சைக்கிளை 28 ஆக்குங்கள், கோடு போய்விடும். எனக்குப் போய்விட்டது, அப்ஸ்ட்ராக்ட்டும் தேர்வானது.

ஆய்வக அக்கா

பயில்வான் தம்பி, சைக்கிளைக் குறைத்தால் கோடு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். வந்த அழுக்கு குழாயிலேயே கிடக்கிறது. அதோடு உண்மையிலேயே கொஞ்சமாக ஜீன் உள்ள மாதிரியும் சேர்ந்து மறைந்துவிடும்.

கடைசி பெஞ்ச், உங்கள் சல்-1 என்.டி.சி சுத்தமாக இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? உங்கள் தண்ணீரிலோ டிப்பிலோ ஆற்று டிஎன்ஏ தெறித்திருந்தால் முதலில் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியது சல்-1தான். டெம்முக்கு மட்டும் வருகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது டாக் என்சைமை. அதை ஈ. கோலைக்குள் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். அதற்கு அனுப்பும் பிளாஸ்மிடில் தேர்வுக் குறியாக ஆம்பிசிலின் எதிர்ப்பு ஜீன், அதாவது இதே டெம், இருப்பது சகஜம். சுத்திகரித்த பின்னும் அதன் துணுக்குகள் தங்கிவிடும். நானும் இரண்டு வாரம் தண்ணீரையும் பிரைமரையும் திட்டிவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

மாதிரி இல்லாமல் நான்கு குழாய் போடுங்கள். ஒன்றில் இப்போது இருப்பதே. அடுத்ததில் தண்ணீர் மட்டும் புதிது, அடுத்ததில் பிரைமர் மட்டும், கடைசியில் என்சைம் மட்டும், முடிந்தால் வேறு கம்பெனியினுடையது. எந்தக் குழாயில் கோடு மறைகிறதோ அதுதான் குற்றவாளி. ஒன்றாக எல்லாவற்றையும் மாற்றினால் பிரச்சினை தீரலாம், ஆனால் எது என்று சொல்ல முடியாது.

சேற்றுக்கால்

எனக்குத் தலைகீழ். எதிலும் பேண்டே வரவில்லை. "எதிர்ப்பு ஜீன்கள் இல்லை" என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். பிறகுதான் எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் 16எஸ் ஜீனுக்குப் போட்டுப் பார்த்தேன், அதுவும் வரவில்லை. பாக்டீரியாவே இல்லாத ஆறா! டிஎன்ஏ கரைசல் வெளிறிய டீ நிறத்தில் இருந்தது, பிசிஆரைத் தடுக்கும் ஹியூமிக் அமிலம். பத்து மடங்கு நீர்த்துப் போட்டதும் 16எஸ்ஸும் வந்தது, சல்-1ம் வந்தது. என் கதை உங்கள் கேள்விக்குப் பொருந்தாதோ என்னவோ.

கடைசி பெஞ்ச்

அக்கா, போட்டுவிட்டேன். என்சைமை மாற்றிய குழாயில் மட்டும் கோடு இல்லை. அந்த என்சைமில் 6 மாதிரிகளையும் மறுபடி ஓட்டியதில் 2இல்தான் டெம் நின்றது, இரண்டுமே தெளிவாக. மீதி நான்கும் என்.டி.சி மாதிரியே மங்கலாக இருந்தவை.

ஆய்வக அக்கா

நல்லது. அந்த நான்கை "இல்லை" என்று எழுதாதீர்கள், "கண்டறியப்படவில்லை" என்று எழுதுங்கள். "பாக்டீரியா பரவியுள்ளது" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். ஃபில்டரில் செத்த செல்லும் தங்கும், அதன் டிஎன்ஏவும் பேண்டு தரும். தட்டில் வளர்த்துப் பார்க்காமல் உயிருள்ள பாக்டீரியா என்று சொல்ல வழியில்லை.

பிப்பெட் பயில்வான்

அப்படியெல்லாம் எழுதினால் போஸ்டர் முன்னால் யார் நிற்பார்கள்? 6க்கு 6 என்றால்தானே கூட்டம்.

கடைசி பெஞ்ச்

இப்போதைய வரி: "சல்-1 5 மாதிரிகளிலும், டெம் 2 மாதிரிகளிலும் கண்டறியப்பட்டன. முதல் என்சைமில் மாதிரியற்ற குழாயிலும் டெம் பேண்டு வந்ததால், வேறு என்சைமில் சோதனை மீண்டும் செய்யப்பட்டது." இரண்டாவது வாக்கியம் அப்ஸ்ட்ராக்ட்டுக்குத் தேவையில்லை, நேரில் கேட்டால் சொல் என்கிறார் கைடு. எனக்கு அது இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. எட்டாவது லேன் இந்த முறை படத்தில் இருக்கிறது, லேடரைக் கொஞ்சம் ஒடுக்கிவிட்டேன்.