முக்கூடல் ரோட்டுப் பள்ளமும் 16 இஞ்ச் வீலும்

சேர்மாதேவிக்காரன்
காரில் முக்கூடல் போகிற வழியில் குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை மட்டும் அள்ளிப் போட்டு மூடிய குறுக்குப் பள்ளம். மழைத் தண்ணீர் நின்றதால் கண்ணுக்குத் தெரியவில்லை. 40 வேகம்தான் இருக்கும். டங் என்று ஒரு சத்தம், அது ரப்பர் சத்தமே இல்லை. பின்சீட்டில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றது இன்னும் காதில் நிற்கிறது. வீட்டில் வந்து பார்த்தால் முன் டயர் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

என் வண்டி டாப் மாடல், டயர் 195/55 R16. மைத்துனரிடம் அதே வண்டியில் கீழ் மாடல், 185/65 R15. அவர் தினமும் அந்த ரோட்டில்தான் போகிறார், ஒன்றும் ஆகவில்லை. ஷோரூமில் "ரெண்டுக்கும் ஒரே சஸ்பென்ஷன்தான் சார்" என்கிறார்கள். அப்புறம் எப்படி?

பேட்டைவாசி
காற்று அதிகம் வைத்திருப்பீர்கள். நான் 33 இருந்ததை 26 ஆக்கினேன், மெத்தை மாதிரி போகிறது. டயர் அளவெல்லாம் அழகுக்குத்தான்.

பழைய பட்டறை
ஷோரூம்காரர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். டயர் அளவில் முதல் எண் அகலம், அடுத்தது ப்ரொஃபைல், அதாவது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. 195-இல் 55 சதவீதம் 107 மில்லிமீட்டர். 185-இல் 65 சதவீதம் 120. ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற ரப்பர் உயரம் இதுதான். சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 621 மில்லிமீட்டர். அதனால் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ரிம் பெரிதான அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கிறது.

கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் முதல் அடியை டயர்தான் வாங்கும். ஸ்பிரிங் அசைவதற்குள் டயர் மடங்கியாக வேண்டும். மடங்க இடம் போதாவிட்டால் ரிம்முக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவில் நசுங்கி, உள்ளே இருக்கிற நூலிழைகள் அறுந்துவிடும். வெளியே தெரிகிற வீக்கம் அதுதான். ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முடியாது, டயரை மாற்றத்தான் வேண்டும். அதுவரை நான்குவழிச் சாலைப் பக்கம் போகாதீர்கள்.

பேட்டை அண்ணாச்சி, காற்றைக் குறைத்தால் சின்னச் சின்ன அதிர்வு குறையும், அது நிஜம். ஆனால் இதே பள்ளத்தில் உங்கள் டயர் இன்னும் எளிதாக நசுங்கும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள அளவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்த்து வையுங்கள்.

பேட்டைவாசி
எனக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லையே.

மணிமுத்தாறு டிரிப்
டயர் கதையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் இருப்பது பின்னால் பட்டை வில் வைத்த வண்டி, டயர் 75 ப்ரொஃபைல். மாஞ்சோலைக்குக் காலியாக ஏறும்போது தலை கூரையில் இடித்தது. அதே ரோட்டில் அரிசி மூட்டையோடு போனபோது சொகுசு!

பழைய பட்டறை
பட்டை வில்லைப் பாரத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார்கள். காலியாக இருந்தால் அது அவ்வளவாக வளையாது, டயர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தூக்கித்தான் போடும். டயர் பார்த்துக்கொள்வது கூர்மையான சின்ன அடியை. மேடு பள்ளமாக அலை அலையாக வருகிற ரோடு ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் உரிய வேலை. நீங்கள் சொல்வது இரண்டாவது, இழை தொடங்கியவர் கேட்டது முதலாவது.

ஸ்கூட்டி அக்கா
என் ஸ்கூட்டருக்குப் பின்னால் 10 இஞ்ச் சக்கரம். ஜங்ஷன் பக்கம் ஒரு குழியில் சக்கரமே உள்ளே போய்விட்டது. அதற்கும் 65 ப்ரொஃபைல் போடலாமா?

திசையன்விளை டீச்சர்
நாங்கள் வாங்கும்போது பைபாஸில் மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். வாங்கப் போகிறவர்கள் வீட்டார் எல்லாரையும் ஏற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். தார் பெயர்ந்த தெருவில் 20, 30 வேகத்தில் போகச் சொல்லி, முதுகுக்கு எட்டுகிற அதிர்வைக் கவனியுங்கள். பிறகு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்து நிற்கிறதா, திரும்பத் திரும்ப ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஊர்ப் பயணத்தில் பிள்ளைகளுக்கு வாந்தி நிச்சயம். டெஸ்ட் டிரைவுக்குப் பெரும்பாலும் டாப் மாடலைத்தான் கொடுப்பார்கள். நீங்கள் வாங்கப் போகிற மாடலின் டயர் அளவை அதன் பக்கவாட்டிலேயே படித்து ஒப்பிட்டுவிடுங்கள். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

சேர்மாதேவிக்காரன்
டயர் மாற்றியாயிற்று. மைத்துனர் மாதிரி 15 இஞ்சுக்கு இறங்கிவிடலாமா அண்ணாச்சி?

பழைய பட்டறை
உங்கள் மாடலின் முன் பிரேக்கும் கீழ் மாடலின் பிரேக்கும் ஒன்றுதானா என்று முதலில் கேளுங்கள். பெரிய பிரேக் என்றால் 15 ரிம் உரசலாம். ஒன்றுதான் என்றால் கீழ் மாடலின் ரிம்மே பொருந்தும். வளைவில் திருப்பும்போது பிடிப்பு கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கும், அம்மாவுக்கு அது தெரியாது.

சேர்மாதேவிக்காரன்
சரி, கேட்கிறேன். இன்னொன்று, பின்னால் மூன்று பேர் இருந்தால் வேகத்தடையில் இறங்கும்போது அடியில் தட் என்கிறது. தனியாகப் போனால் இல்லை.

மணிமுத்தாறு டிரிப்
ஷாக் போய்விட்டது.

பழைய பட்டறை
போயிருக்கலாம். ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, அடியில் இருக்கிற ரப்பர் கட்டையில் போய் முட்டுகிற சத்தமாகவும் இருக்கலாம். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா?

சேர்மாதேவிக்காரன்
ஒரே புழுதி, தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கழுவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.