ஒரு மாத்திரை குறைந்த ரிஃப்: மேத் ராக்கோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்

சித்தூர் பாஸ்
மேத் ராக் ரிஃப் எந்த இடத்தில் காலை வாரிவிடுகிறது, அதே ஒற்றைப்படைத் தாளம் ப்ராக் ராக்கில் ஏன் வாருவதில்லை? வாசித்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள். பாடல் பட்டியல் வேண்டாம், கையில் என்ன நடக்கிறது என்பது போதும்.

குப்பம் மிருதங்கம்
எந்தச் சித்தூர், எங்கள் ஊர்ப் பக்கமா பாலக்காட்டுப் பக்கமா?
விஷயம் எளிது. மேத் ராக் என்பது கோர்வைதான். மிஸ்ர சாபு தெரிந்தவனுக்கு 7/8 ஒரு பயமும் இல்லை. ப்ராக்கில் அதையே இருபது நிமிஷம் இழுப்பார்கள், இதில் மூன்று நிமிஷத்தில் முடிப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

சித்தூர் பாஸ்
பாலக்காட்டுச் சித்தூர்.

கொழிஞ்சாம்பாறை டிரம்ஸ்
குப்பத்து அண்ணன் சொன்னதில் பாதி சரி. சொல்கட்டு கட்டாயம் உதவும். ஆனால் கோர்வையில் தாளம் அசையாது. கணக்கு எவ்வளவு குறுக்கே ஓடினாலும் கை போடுகிறவர் அதே ஆதியைத்தான் போடுவார், கோர்வை சுற்றி வந்து எடுப்பில் விழும். மேத் ராக்கில் பெரும்பாலும் அந்தக் கை போடுகிறவரே இல்லை. ரிஃப்தான் தாளம். அது நீண்டால் தாளம் நீளும், வெட்டுப்பட்டால் தாளமும் வெட்டுப்படும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு எய்த் நோட்டை ஒரு மாத்திரை என்று வையுங்கள். ரிஃப் இது:

தகிட தகதிமி (7)
தகிட தகதிமி (7)
தகிட தகதிமி (7)
தகிட தகதிமி தகதிமி (11)

மொத்தம் 32. அதாவது 4/4இல் நான்கு பார். கோணல்மாணலாகக் கேட்கும், ஆனால் டிரம்மர் ஒன்று மூன்றில் கிக், இரண்டு நான்கில் ஸ்நேர் என்று சாதாரணமாக அடித்துக்கொண்டே போகலாம். நான்காவது பார் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக வந்து விழுவார்கள். இது உண்மையிலேயே கோர்வைதான், அண்ணன் ஜெயித்தார்.

இப்போது கடைசி 'தகதிமி'யை 'தகிட' ஆக்குங்கள். 11 போய் 10, மொத்தம் 31. டிரம்மர் 4/4ஐ விடாமல் அடித்தால் இரண்டாவது சுற்றில் ரிஃப்பின் முதல் ஸ்வரம் இரண்டு அடிகளுக்கு நடுவில் விழும். மூன்றாவது சுற்றில் அடி மேலேயே விழும், ஆனால் கிக் இருந்த இடத்தில் ஸ்நேர் இருக்கும். மறுபடி கிக்கோடு தொடங்குவது ஐந்தாவது சுற்றில்தான். அதுவும் பாரின் மூன்றாவது அடியில். முதல் அடிக்கே வரவேண்டுமென்றால் எட்டுச் சுற்று ஓடி முடிய வேண்டும்.

கெடுவது மூன்றாவது சுற்றில். ஸ்நேர் மேல் ரிஃப் தொடங்கியதும் 'நாம்தான் தப்பினோம்' என்று காது நினைக்கும், கை தானாக ஒரு அடியை விழுங்கிவிடும். அதற்குப் பிறகு வரும் எதுவும் சேராது. ஆகவே முதலிலேயே முடிவு செய்யுங்கள்: டிரம்ஸ் 4/4ஐப் பிடித்து ரிஃப்பை நகர விடப் போகிறதா, ரிஃப்போடு சேர்ந்து 7, 7, 7, 10 என்று தானும் வெட்டிக்கொள்ளப் போகிறதா? இரண்டும் நல்ல வழிதான். பாஸ் ஒன்றிலும் டிரம்ஸ் மற்றொன்றிலும் இருந்தால் குப்பை.

பாறசாலை கீபோர்டு
எங்கள் சர்ச் கொயரில் 6/8 பாட்டுக்கே ஆள் தடுமாறுவார்கள். மேத் ராக்கில் கீபோர்டுக்கு என்ன சவுண்ட் வைப்பது? ஸ்ட்ரிங்ஸ் பேட் வைத்தால் கிராண்டாக இருக்குமே?

நகரி கிட்டார்
அங்கேதான் சார் இரண்டும் பிரிகிறது. அந்த 31இல் முக்கியமானது இல்லாமல் போன ஒரு மாத்திரை. அந்த இடம் காலியாகக் கேட்டால்தான் ரிஃப் வெட்டுப்பட்டது தெரியும். பேட் வைத்தால் பள்ளத்தில் மண் போட்டு மூடியதுபோல் ஆகிவிடும்.

கிட்டாரிலும் இதே தவறு நடக்கும். டெம்போ 132இல் டாட்டட் எய்த் டிலே என்றால் 341 மில்லி செகண்ட், அதாவது ஒன்றரை மாத்திரை. கடைசி ஸ்வரத்தின் எதிரொலி அடுத்த சுற்றின் தலையில் உட்கார்ந்துவிடும். கேட்பவருக்கு வெட்டு தெரியாது, ஏதோ இடறுகிறது என்று மட்டும் தெரியும். டிலேயை அணையுங்கள், ரிவர்பைக் குறையுங்கள், கெயினைச் சொல்லின் தொடக்கம் கேட்கிற அளவுக்கு இறக்குங்கள். ஸ்லின்ட்டின் 1991 ஆல்பத்தில் கிட்டார் எவ்வளவு வறண்டு நிற்கிறது என்று கேட்டால் புரியும்.

ப்ராக்கில் இந்த ஈரம்தான் கட்டடத்தின் சுண்ணாம்பு. ஜெனிசிஸின் 1972 நெடும்பாட்டில் 9/8 பகுதி ஒன்று வரும். அடியில் அந்த ஒன்பது அசையாமல் ஓடும், மேலே ஆர்கன் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். அங்கே ஒன்பது என்பது ஏணி, அதில் ஏறிப் போய்ச் சேர ஒரு உச்சி உண்டு. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' 7இல் நடக்கும், கிட்டார் சோலோ வந்ததும் 4க்கு மாறிவிடும். சோலோ கைவீச இடம் வேண்டுமே. மேத் ராக்கில் போய்ச் சேர வேண்டிய மாடி என்று ஒன்று இல்லை. ஏணியின் படிகளை ஒவ்வொரு தடவையும் வேறு உயரத்தில் வைப்பதுதான் பாட்டே.

டியூனிங் பற்றியும் ஒரு வரி. இந்தப் பாணியில் பலர் வைக்கும் எஃப்-ஏ-சி-ஜி-சி-இக்கு மூன்று கம்பியை மாற்றினால் போதும்: ஆறாவதை அரை ஸ்வரம் ஏற்றி எஃப், நாலாவதை ஒரு முழு ஸ்வரம் இறக்கி சி, இரண்டாவதை அரை ஸ்வரம் ஏற்றி சி. நாலாவது தளர்ந்து ஃப்ரெட்டில் இரையும். அதற்கு மட்டும் ஒரு சைஸ் தடித்த கம்பி போட்டால் அடங்கும்.

குப்பம் மிருதங்கம்
ஏணி சரி. அப்போது பயிற்சிக்கு மெட்ரோனோமை 7இல் வைப்பதா 31இல் வைப்பதா?

கொழிஞ்சாம்பாறை டிரம்ஸ்
இரண்டும் வேண்டாம் அண்ணா. அழுத்தமே இல்லாமல் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு க்ளிக். முதல் அடியில் 'டிங்' வைத்தால் அந்த 'டிங்'கை நம்பி மனசு எண்ணுவதை நிறுத்திவிடும். டெம்போ 132 என்றால் க்ளிக் 264, அவ்வளவு தூரம் போகாத மெட்ரோனோம் நிறைய உண்டு. 100இல் தொடங்குங்கள், 200 க்ளிக். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வாயால் சொல்லுங்கள், கால் கால்நோட்டைத் தட்டட்டும். வாய் நான்கு சுற்று சொல்லி முடிக்கும்போது கால் 62 தட்டியிருக்க வேண்டும். 61 அல்லது 63 வந்தால் எங்கோ விழுங்கியாயிற்று, அநேகமாக அந்தக் கடைசி 'தகிட'யில்.

மார்த்தாண்டம் கேசட்
எல்லாம் சரிதான் மக்கா, ஆனா கிங் கிரிம்சனை எங்க வைப்பீங்க? 1981 ஆல்பத்துல 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' கேளுங்க. ரெண்டு கிட்டாரும் ஒரே ஓட்டத்துல 7ல போகும், நடுவுல ஒருத்தர் ஒரு ஸ்வரத்தை விட்டுட்டு 13க்குப் போவாரு, ரெண்டும் மெல்ல விலகும். பேட் இல்ல, ஏணி இல்ல. இது ப்ராக்கா மேத்தா?

நகரி கிட்டார்
ஆட்கள் ப்ராக், கை மேத். ஆனால் அடியில் அந்த 7 நிலையாக நிற்கிறது, விலகினாலும் திரும்ப வந்து சேருகிறார்கள். என் கணக்கில் ப்ராக்தான்.

மார்த்தாண்டம் கேசட்
திரும்பி வந்தா ப்ராக்குன்னா, மேல டிரம்ஸ் போட்ட 31ம் எட்டுச் சுத்துல திரும்பி வருதே. அதுவும் ப்ராக்கா?

சித்தூர் பாஸ்
எனக்கு வேறொரு சந்தேகம். எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் செண்டைக்காரர்கள் வாசிக்கும் பாண்டி மேளமும் ஏழுதான். 56 அட்சரத்தில் தொடங்கி 28, 14, 7 என்று சுருங்கிக்கொண்டே போகும். அது ஏணியா, வெட்டா?

கொழிஞ்சாம்பாறை டிரம்ஸ்
ஏணி. பாதியாகச் சுருங்குவதால்தான் கூட்டம் முன்னாலேயே தெரிந்து கையை உயர்த்துகிறது. 31க்கு அப்படி யாரும் கை உயர்த்த முடியாது. மார்த்தாண்டத்துக்காரர் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, டிரம்ஸ் 4/4ஐ விட்டுவிட்டால் அந்த 31 திரும்பி வர இடமே இல்லை என்பதைத் தவிர.