புரோபார்மா இன்வாய்ஸ்: முன்பட்டியலா, உத்தேசப் பட்டியலா?

தொண்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் இங்கே ஐஸ் பெட்டி, பிரீசர் விற்கும் கடை போட்டு இரண்டு மாதம் ஆகிறது. மீன் கடை வைக்கப்போகும் ஒருவர் வங்கிக் கடனுக்காக "பிரீசருக்கு ஒரு பில் கொடுங்க" என்று கேட்க, பையன் 40,000 ரூபாயும் 18% வரி 7,200-ம் சேர்த்து 47,200-க்கு அசல் வரி பில்லே போட்டுவிட்டான். பில் எண் 23. கடன் கிடைக்கவில்லை. பிரீசர் கடையிலேயே நிற்கிறது, கணக்கிலோ விற்றுப் போயிற்று!

அந்த மாதத்து விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 இன்னும் தாக்கல் ஆகாததால் பில்லை ரத்து செய்து தப்பித்தோம். ஆனால் 23 என்ற எண்ணை வேறு ஆளுக்குப் போட முடியாது. வரிசை எண் ஒரு நிதியாண்டில் ஒருமுறைதான். ரத்தானது என்றே காட்ட வேண்டும்.

அவன் கொடுத்திருக்க வேண்டியது, விற்பனைக்கு முன்பே விலையையும் வரியையும் எழுதிக் கொடுக்கும் புரோபார்மா. கொட்டேஷன், புரோபார்மா, டாக்ஸ் இன்வாய்ஸ் மூன்றுக்கும் தமிழில் பெயர் எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டலாம் என்று இருக்கிறேன். கொட்டேஷனுக்கு விலைப்புள்ளி இருக்கிறது, சிக்கல் இல்லை. டாக்ஸ் இன்வாய்ஸை வரி விலைப்பட்டியல் என்கிறார்கள். நடுவில் உள்ளதற்கு 'உத்தேசப் பட்டியல்' சரியா?

கீழக்கரையிலிருந்து:

உத்தேசம் வேண்டாம், முன்பட்டியல் என்று வையுங்கள். முன்பணம் வாங்கும்போது கொடுப்பதுதானே அது? முன்பணத்துக்கான ரசீதும் அதுவே. அந்தப் பணத்துக்கு அப்போதே வரியும் கட்டிவிட வேண்டும்.

மண்டபத்திலிருந்து:

கீழக்கரைக் காக்கா சொன்னதில் பாதி சரி. முன்பணம் கேட்கத்தான் பெரும்பாலும் அதைக் கொடுக்கிறோம். ஆனால் அது கேட்கும் தாள். பணம் வந்ததற்குச் சாட்சி ஆகாது. பணம் கைக்கு வந்ததும் தனியாக ரசீது வவுச்சர் போட வேண்டும். வரியைப் பொறுத்தவரை, பொருள் விற்பனையில் முன்பணத்துக்கு வரி கட்டும் வழக்கம் 2017 நவம்பரிலேயே போய்விட்டது, பில் போடும்போது கட்டினால் போதும். சேவைக்குத்தான் இன்னும் உண்டு.

நான் நண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர் எங்கள் புரோபார்மாவைக் காட்டித்தான் தன் வங்கியில் கடன் உறுதிக் கடிதம் திறக்கிறார். எடை, விலை, கப்பல் ஏறும் துறைமுகம் எல்லாம் பேசி முடிந்த பிறகு எழுதுவது அது. அதனால் 'உத்தேசம்' எனக்கு ஒட்டவில்லை. உத்தேசமாக இருப்பது விலைப்புள்ளிதான். அதை வாங்கிப்போகிறவர் நாலு கடை ஏறி இறங்குவார். புரோபார்மாவில் பேச்சு முடிந்துவிட்டது, சரக்கு மட்டும் நகரவில்லை. சரக்கு கடையை விட்டுக் கிளம்பும்போது, அல்லது அதற்கு முன், வரி பில் போட்டாக வேண்டும்.

தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள்: புரோபார்மாவிலும் வரி 7,200 என்று எழுதியிருக்கும். அதை வைத்து வாங்கியவர் அந்த வரியை உள்ளீட்டு வரி என்று தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அவர் கழிக்கக்கூடிய வரியைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அது வரவே வராது. அதன் எண்ணை வரி பில் வரிசையிலிருந்து எடுக்காமல் 'பி-1, பி-2' என்று தனி வரிசை வைத்துக்கொள்ளட்டும்.

பாம்பனிலிருந்து:

போன வருஷம் ஒரு கடையில் மோட்டார் வாங்கினேன். மேலே 'எஸ்டிமேட்' என்று போட்ட துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். ரிப்பேர் ஆனபோது "பில் எங்கே, வாரண்டி கிடையாது" என்றார்கள். அப்படியானால் என்னிடம் இருப்பது விலைப்புள்ளியா?

மண்டபத்திலிருந்து:

இல்லை அண்ணே. மோட்டார் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதே! தலைப்பில் எஸ்டிமேட் என்று எழுதினால் விற்பனை விலைப்புள்ளி ஆகிவிடாது. அது பில் போடாத விற்பனை.

தொண்டியிலிருந்து:

அப்படியானால் உத்தேசத்தை விட்டுவிடுகிறேன். முன்பட்டியல் என்றாலும் காக்கா நினைத்தது போலவே எல்லாரும் முன்பண ரசீது என்று எடுத்துக்கொள்வார்களே. 'மாதிரிப் பட்டியல்' என்றால் சாம்பிள். 'வரைவு' என்றால் விலையை இன்னும் திருத்தலாம் என்று பேரம் தொடங்கிவிடும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. விலைப்பட்டியல் என்றால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் சுவரில் தொங்கும் விலைவிவரப் பலகையைத்தான் பார்க்கிறார்கள். சம்பளப் பட்டியல் என்று அரசு அலுவலகத்தில் சொல்வது போல, 'வரிப் பட்டியல்' என்று சுருக்கினால் என்ன?

கீழக்கரையிலிருந்து:

வரிப் பட்டியல் என்றால் வீட்டு வரி பாக்கிக்காரர்கள் பட்டியல் மாதிரி இருக்கிறது. 'வரி பில்' போதும். முன்பட்டியலை நான் விடுவதாக இல்லை. ரசீது என்று நினைக்கிறார்கள் என்றால், கீழே 'இது ரசீது அன்று, வரி பில்லும் அன்று' என்று அச்சடியுங்கள்.

தொண்டியிலிருந்து:

இப்போதைக்கு விலைப்புள்ளி, முன்பட்டியல், வரி பில் என்று எழுதி ஒட்டிவிட்டேன். நடுவில் உள்ளதற்கு மேல் பையன் பென்சிலால் 'பிரீசர் இன்னும் கடையில்' என்று எழுதியிருக்கிறான்.